கட்டியது 10ஆம் தேதி, வரவானது 24ஆம் தேதி

மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் தவணையை உரிய நாளில் வங்கியில் கட்டியாகிவிட்டது. மூன்று நாள் கழித்து ஊக்குநரின் செல்போனுக்கு “தவணை நிலுவையில் உள்ளது” என்று குறுஞ்செய்தி வருகிறது. இப்படி நடக்கும்போது ஊரில் யாரும் முதலில் வங்கியைச் சந்தேகப்படுவதில்லை. பன்னிரண்டு பேரிடமும் பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போன ஊக்குநரைத்தான் சந்தேகப்படுவார்கள். அவர் வாய்மொழியாக எவ்வளவு விளக்கினாலும் அது ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது உருமாறிவிடும். அதனால்தான் இந்த நேரத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்கிறேன். உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில், தேதியும் தொகையும் போட்டு, குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படியான கடிதம்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். குழு தர்மபுரி மாவட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் அந்த மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. குழுவில் 12 பேர். வங்கியில் வாங்கிய கடன் 3 லட்சம், வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம், 36 மாதத் தவணை. மாதத் தவணை 9,263 ரூபாய் வருகிறது. ஆளுக்கு 25,000 ரூபாய் பிரித்துக்கொண்டதால் ஒவ்வொருவரும் மாதம் 772 ரூபாய் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி தவணை நாள். 2025 ஜூன் மாதத் தவணையில்தான் சிக்கல். அதைப் பற்றி ஊக்குநர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் குழு ஜூன் மாதத் தவணையைக் கட்டவில்லை என்று வங்கியிலிருந்து செய்தி வந்ததும், அதைப் பற்றி ஊருக்குள் பேச்சு இருப்பதும் உங்களுக்குத் தெரியும். நடந்ததைத் தேதிவாரியாக எழுதுகிறேன்.

ஜூன் 8ஆம் தேதி கூட்டத்தில் 12 பேரும் ஆளுக்கு 772 ரூபாய் கொடுத்தீர்கள். மொத்தம் 9,264 ரூபாய். ரொக்கப் புத்தகத்தில் அன்றே எழுதி, கூட்டத்திலேயே வாசித்தோம். 10ஆம் தேதி காலை நானும் இரண்டாம் பிரதிநிதியும் வங்கிக்குப் போய்க் கவுண்டரில் கட்டினோம். சலான் அடிக்கட்டையில் நம் கடன் கணக்கு எண், தொகை, 10ஆம் தேதி முத்திரை மூன்றும் இருக்கின்றன.

13ஆம் தேதி நிலுவை என்று செய்தி வந்தது. 16ஆம் தேதி அடிக்கட்டையோடு வங்கிக்குப் போனோம். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். 24ஆம் தேதிதான் பணம் எங்கே நின்றது என்று தெரிந்தது. பதிவு செய்யும்போது கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறியதால் நம் பணம் கடன் கணக்குக்குப் போகாமல் வங்கியின் சஸ்பென்ஸ் கணக்கில் நின்றிருக்கிறது. அன்றே நம் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். பணம் தொலையவில்லை. யாரும் இன்னொரு முறை பணம் தர வேண்டியதில்லை.

ஆனால் வரவு 24ஆம் தேதியில் விழுந்திருப்பதால் 14 நாள் தாமதம் என்று கணக்கு காட்டுகிறது. அதற்காக அபராதக் கட்டணம் 150 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். கூடுதல் வட்டியாக ஏறத்தாழ 25 ரூபாய் வருகிறது. இந்த 175 ரூபாயை உங்களிடம் வசூலிக்க மாட்டோம். குழுவின் பொதுப் பணத்திலிருந்தும் எடுக்க மாட்டோம். இது வங்கி திருப்பித் தர வேண்டிய பணம்.

25ஆம் தேதி கிளை மேலாளருக்கு எழுத்தில் மனு கொடுத்தோம். வரவைக் கட்டிய நாளான 10ஆம் தேதிக்கே கொண்டுபோக வேண்டும், அபராதத்தையும் வட்டியையும் திருப்ப வேண்டும், நிலுவைத் தகவல் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போயிருந்தால் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மனுவின் நகலில் கிளை முத்திரையோடு கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

28ஆம் தேதி கூட்டத்துக்கு அடிக்கட்டை, பாஸ்புக், மனுவின் நகல் மூன்றையும் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பாருங்கள். கேட்க நினைப்பதை எல்லோர் முன்னாலும் கேளுங்கள். ஜூலைத் தவணையை எப்போதும்போல 10ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஜூன் மாதத்துப் பிரச்சினையைக் காரணம் காட்டி அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

இப்படிக்கு, ஊக்குநர்.”

கடிதத்தில் ஊக்குநர் எங்கும் தன் நேர்மையைப் பற்றிப் பேசவில்லை, வங்கி ஊழியரைத் திட்டவும் இல்லை. பணம் வசூலான தேதி, கட்டிய தேதி, வரவான தேதி ஆகிய மூன்றையும் உறுப்பினர் முன் வைக்கிறார். மூன்றில் எந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது என்று பார்த்தாலே யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடும். 8க்கும் 10க்கும் நடுவில் பணம் குழுவின் பொறுப்பில் இருந்தது. 10க்கும் 24க்கும் நடுவில் வங்கியின் பொறுப்பில் இருந்தது.

இதை எழுதுவதற்கு முன் ஊக்குநர் ஒன்றைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். அடிக்கட்டையில் இருக்கும் எண் கடன் கணக்கின் எண்ணா, குழுவின் சேமிப்புக் கணக்கின் எண்ணா? குழுவுக்கு வங்கியில் இரண்டு கணக்குகளும் உண்டு. பல குழுக்கள் தவணைப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வங்கியே அதைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடுகின்றன. தவணை நாளில் சேமிப்பிலிருந்து கடனுக்கு மாற்றும்படி குழு முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நம்பிக்கை சரிதான். மாற்றத் தவறியது வங்கியின் தவறு. அப்படி எழுதிக் கொடுக்கவில்லை என்றால், பணம் 10ஆம் தேதியே வங்கிக்குள் போயிருந்தாலும் தவணை கட்டியதாகக் கணக்காகாது. அந்த நிலையில் “வங்கி தாமதித்தது” என்று உறுப்பினர்களுக்கு எழுதினால், மேலாளர் ஒரே வரியில் அதை மறுத்துவிடுவார். அதோடு ஊக்குநரின் சொல்லுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

ஊரிலேயே இருக்கும் வங்கி முகவரிடம் கட்டும் குழுக்களும் இதையே பார்க்க வேண்டும். முகவரின் கருவி அச்சிட்டுத் தரும் சீட்டில் எந்தக் கணக்குக்குப் போனது என்பதும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். முகவர் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டை நம்ப வேண்டாம். பணம் வங்கிக்குள் போனதற்கு அது சான்றாகாது.

பணம் வங்கிக்குள் இருந்தும் கணக்கு ஏன் “நிலுவை” என்று காட்டியது? ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் வெளியிட்ட விளக்கத்தின்படி, கடன் கணக்கு நிலுவையா இல்லையா என்பது ஒவ்வொரு நாளும் வங்கியின் அன்றைய கணக்கு முடிப்பின்போது முடிவாகிறது. தவணை நாள் ஜூன் 10 என்றால், அன்றைய கணக்கு முடிவதற்குள் முழுத்தொகையும் அந்தக் கடன் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஜூன் 10இலிருந்தே நிலுவை. பணம் பக்கத்துக் கணக்கில் இருக்கிறதா, சஸ்பென்ஸில் இருக்கிறதா என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. 30 நாள் வரையிலான நிலுவை, சிறப்புக் கவனக் கணக்கு என்ற வரிசையில் முதல் படியில் வைக்கப்படும். வாராக்கடன் என்று வகைப்படுத்த 90 நாளுக்கு மேல் நிலுவை இருக்க வேண்டும். ஆகவே 14 நாள் தாமதத்தால் குழுவின் கணக்கு வாராக்கடன் ஆகிவிடாது. இதை உறுப்பினர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “இனிமேல் நம் குழுவுக்குக் கடனே கிடைக்காது” என்ற பயம்தான் இந்த நேரத்தில் வேகமாகப் பரவும்.

இப்போது பணக் கணக்கு. 9,263 ரூபாய்க்கு 7 சதவீத வட்டியில் 14 நாளுக்கு எவ்வளவு? 9,263ஐ 7ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் ஒரு ஆண்டு வட்டி 648 ரூபாய் 41 காசு. அதை 365ஆல் வகுத்து 14ஆல் பெருக்கினால் 24 ரூபாய் 87 காசு. ஆளுக்கு இரண்டு ரூபாய்தான். அபராதக் கட்டணத்தை ஒவ்வொரு வங்கியும் தன் விதிப்படி வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 150 ரூபாய் ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவணை தவறினால் வட்டி விகிதத்தை ஏற்றி அபராத வட்டி போடக் கூடாது. அபராதத்தைக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழுவின் கடன் அறிக்கையில் அபராதம் தனி வரியாக இருக்கிறதா, அசலில் கலந்துவிட்டதா என்று பார்த்தால் இது தெரியும்.

“175 ரூபாய்தானே, நாமே போட்டுக் கட்டிவிடலாம்” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். அதை ஏற்கக் கூடாது. குழு தன் பணத்தில் அபராதத்தைக் கட்டி, மனுவும் கொடுக்காமல் விட்டுவிட்டால், தாமதம் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு அந்த 14 நாளை வங்கியின் ஏடுகளிலிருந்து எடுக்கச் சொல்ல வாய்ப்பு இருக்காது. 175 ரூபாயைவிட அந்த 14 நாள்தான் பெரிய நஷ்டம்.

ஏனென்றால் இன்று குழுக்கடன் குழுவின் பெயரில் மட்டும் பதிவாவதில்லை. குழுவின் தகவலோடு உறுப்பினர்களின் தகவலையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜனவரியில் சொல்லிவிட்டது. சிபில் என்று பேச்சில் சொல்கிறோமே, அது போன்ற நிறுவனங்கள் நாட்டில் நான்கு இருக்கின்றன. இந்தத் தகவல்களை மாதத்துக்கு இரண்டு முறை, 15ஆம் தேதி நிலவரமாகவும் மாதக் கடைசி நாள் நிலவரமாகவும் தர வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் எடுத்துக்காட்டில் ஜூன் 30 அன்று கணக்கு சரியாகத்தான் இருக்கும், 24ஆம் தேதியே வரவாகிவிட்டதே. ஆனால் ஜூன் 15 அன்று அது நிலுவையில் இருந்தது. அந்த நாளின் நிலவரம் போயிருந்தால் நிலுவைக் குறியும் சேர்ந்தே போயிருக்கும். பாஸ்புக்கில் எல்லாம் சரியாகிவிட்டதே என்று குழு இருந்துவிட, ஆறு மாதம் கழித்து ஓர் உறுப்பினர் கறவை மாட்டுக்குக் கடன் கேட்கப் போகும்போது “உங்கள் பேரில் ஒரு தாமதம் காட்டுகிறதே அம்மா” என்று வங்கியில் சொல்வார்கள். அதனால்தான் கடிதத்திலும் மனுவிலும் இந்தக் கோரிக்கை தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முறை தன் முழு அறிக்கையை இலவசமாகப் பெற யாருக்கும் உரிமை உண்டு. அறிக்கையில் தவறு இருந்து, திருத்தச் சொல்லி முறையிட்ட 30 நாளுக்குள் அது தீரவில்லை என்றால், அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

மனுவில் கேட்ட முதல் கோரிக்கையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வங்கி அறிக்கையில் ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு தேதிகள் இருக்கும். ‘Txn Date’ என்பது பதிவு செய்த நாள். ‘Value Date’ என்பது அந்தப் பணத்துக்கு வட்டி எந்த நாளிலிருந்து கணக்காகிறதோ அந்த நாள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. தவறு நடந்து பிறகு திருத்தும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. பதிவு 24ஆம் தேதி நடந்தது உண்மை. அதை மாற்றச் சொல்லக் கூடாது. ‘Value Date’ 10ஆம் தேதியாக இருக்க வேண்டும் என்று கேட்பதே சரியான கோரிக்கை. வங்கி இதைச் செய்துவிட்டால் 25 ரூபாய் வட்டி தானாகவே விழுந்துவிடும், நிலுவை நாள்களும் பூஜ்யமாகும், அபராதத்துக்கும் காரணம் இல்லாமல் போகும். “சரிபண்ணிட்டோம்மா” என்று வாயால் சொன்னால் போதாது. பாஸ்புக்கில் பெரும்பாலும் ஒரு தேதிதான் அச்சாகும் என்பதால், கடன் கணக்கின் அறிக்கையையே அச்செடுத்து வாங்கி இந்த இரண்டாம் தேதியைப் பார்க்க வேண்டும்.

குழுவின் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி 24 என்று காட்டுகிறதே என்று ரொக்கப் புத்தகத்தில் 10ஆம் தேதிப் பதிவை அடித்துவிட்டு 24இல் எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தணிக்கைக்கு வரும்போது இரண்டும் பொருந்த வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. பணம் குழுவின் கையை விட்டுப் போனது 10ஆம் தேதி. அதைத்தான் புத்தகம் சொல்ல வேண்டும். வங்கியின் தேதி வேறாக இருப்பதையும் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தனிநபர் பாஸ்புக்குகளில் ஒவ்வொருவரும் பணம் கொடுத்த நாளாகிய 8ஆம் தேதியே இருக்க வேண்டும். எழுத்துப் படிக்காத உறுப்பினர் யாராவது இருந்தால் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினோம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சங்கடமும் இந்த நாள்களில் வரும். கடன் நிலுவை என்று காட்டுவதால் குழுவின் சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க விடமாட்டோம் என்று கவுண்டரில் சொல்வதுண்டு. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக்கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் விதி. உள்கடன் கொடுக்க வைத்திருக்கும் பணம் முடங்கினால் அதையும் அதே மனுவில் ஒரு வரியாக எழுத வேண்டும்.

மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்றால்? ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகவும், மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம் வழியாகவும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொண்டுபோகலாம். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். எப்படிப் பதிவது என்று 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. ஆனால் வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் அங்கே போனால் மனு நிற்காது. முத்திரை வாங்கிய அந்த நகல்தான் இங்கே உதவும்.

இந்தக் கடிதம் எல்லாத் தாமதத்துக்கும் பொருந்தாது. கூட்டத்தில் வசூலித்த பணத்தைக் கையில் வைத்திருந்து 12ஆம் தேதி கட்டியிருந்தால், அந்த இரண்டு நாளுக்கு வங்கியைக் காரணம் சொல்ல முடியாது. அப்போதும் கடிதம் எழுதத்தான் வேண்டும், ஆனால் அதில் யார் ஏன் தாமதித்தார் என்பதும், அபராதம் எந்தப் பணத்திலிருந்து போகும் என்று குழு தீர்மானித்ததும் இருக்க வேண்டும். வங்கிக் கடனை ரொக்கக் கடன் வரம்பாக வாங்கியிருக்கும் குழுக்களுக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு மாதத் தவணை என்று ஒன்று இல்லை. வரவு தாமதமானால் இடைப்பட்ட நாள்களுக்கு வட்டி கூடும், வரம்பை மீறியதாகவும் காட்டக்கூடும். அவர்கள் மனுவில் தவணை நாளைப் பற்றி எழுதத் தேவையில்லை. வட்டியைத் திருத்தவும் வரவுக்கு உரிய தேதியைப் போடவும் கேட்டால் போதும்.

குழு நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டுக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், அடிக்கட்டையில் இருக்கும் கணக்கு எண்ணைப் பாஸ்புக்கில் இருக்கும் கடன் கணக்கு எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாளுக்குள் கடன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, தேதியைப் பார்த்துவிடுங்கள். தேதி மாறியிருந்தால் அன்றே மனு எழுதிக் கொடுங்கள், அந்த வாரமே உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.